கோல்டு மெயிலின் முதல் வரி: "உங்கள் பணி என்னைக் கவர்ந்தது" என்பதற்குப் பதிலாக என்ன எழுதுவது?

நொய்யல்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். திருப்பூரில் 40 தையல் இயந்திரங்களுடன் ஒரு சிறிய பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். கடந்த ஆண்டு வரை பெரிய ஏற்றுமதியாளர் ஒருவருக்கு ஜாப் ஒர்க் மட்டுமே செய்துவந்தேன். இப்போது பிரிட்டனில் இணையம் வழியாக விற்கும் சிறிய டி-ஷர்ட் பிராண்டுகளிடமிருந்து நேரடியாக ஆர்டர் பெற முயல்கிறேன். இரண்டு மாதங்களில் 36 பிராண்டுகளுக்கு மடல் அனுப்பினேன். இரண்டு பதில்கள் வந்தன. இரண்டும் ஒற்றை வரி மறுப்புகள்.

முதலில் "கிரீட்டிங்ஸ் ஃப்ரம் திருப்பூர்" என்று தொடங்கி, "நாங்கள் முன்னணி உற்பத்தியாளர்களும் ஏற்றுமதியாளர்களும் ஆவோம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று நண்பர் ஒருவர் எடுத்துச் சொன்னதால், பெறுபவரைப் பற்றித் தெரிந்துகொண்டு எழுத வேண்டும் என்று மாற்றினேன். இப்போது என் முதல் வரி இதுதான். மடல்கள் ஆங்கிலத்தில்தான் போகின்றன. இங்கே பொருளைத் தமிழில் தருகிறேன்.

"உங்கள் இணையதளத்தைப் பார்வையிட்டேன். சுற்றுச்சூழல்மீது நீங்கள் கொண்டுள்ள ஈடுபாடும் உங்கள் ஆடைகளின் தரமும் என்னை மிகவும் கவர்ந்தன."

ஒவ்வொரு தளத்தையும் உண்மையாகவே பத்து நிமிடமாவது பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அப்படியிருந்தும் படிப்பவருக்கு அது தெரிவதில்லை என்று நினைக்கிறேன். எதை மாற்ற வேண்டும்?

அஞ்சல்வழி

முதல் வரியைப் பார்ப்பதற்கு முன் மடல் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். மடல் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிப்படுத்தும் SPF, DKIM, DMARC மூன்றையும் உங்கள் டொமைனுக்குச் சரியாக அமைத்திருக்கிறீர்களா? அவை இல்லையென்றால் மடல் ஸ்பேம் பெட்டியில் விழும். அங்கே எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் யாரும் படிக்கப்போவதில்லை. ஒரே நாளில் 36 மடல்களையும் அனுப்பினீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

மூன்றும் சரியாக இருக்கின்றன. என்னுடைய வேறு இரண்டு முகவரிகளுக்கு அனுப்பியும் பார்த்துவிட்டேன், இன்பாக்ஸில்தான் விழுகின்றன. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு மடல்களுக்கு மேல் அனுப்புவதில்லை. என் கேள்வி வரியைப் பற்றியதுதான்.

இணையவிற்பனை

உங்கள் வரியில் தேதி இல்லாததுதான் குறை என்பது என் கருத்து. நிறுவனரின் லிங்க்ட்இன் பக்கத்துக்குச் செல்லுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் அவர் எழுதிய பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு, "இன்ன விஷயத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன், மிகச் சரியான கருத்து" என்று தொடங்குங்கள். அவர் விருது வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. நான் மென்பொருள் விற்பனையில் இதைத்தான் செய்கிறேன், பதில்கள் வருகின்றன. மனிதருக்குத் தன்னைப் பற்றிப் பேசினால் பிடிக்கும்.

வாங்குநர்மேசை

நான் திருப்பூரில் ஒரு பையிங் ஹவுஸில் மெர்ச்சண்டைசராக ஆறு ஆண்டுகளும், பிறகு இங்கிலாந்தில் நடுத்தர ஆடை நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பதினொரு ஆண்டுகளும் வேலை பார்த்தேன். இத்தகைய மடல்களைப் பெறும் மேசையில் உட்கார்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

காலையில் கைபேசியில் மடல் பட்டியலைத் திறந்தால் அனுப்பியவர் பெயர், தலைப்பு, அதன் கீழே மடலின் முதல் சில சொற்கள் ஆகியவை மட்டுமே தெரியும். பெரும்பாலான மடல்களின் கதி அந்தச் சில சொற்களிலேயே முடிந்துவிடும். "உங்கள் இணையதளத்தைப் பார்வையிட்டேன்" என்று தெரிந்தால், அது விற்பனை மடல் என்பது திறக்காமலேயே விளங்கிவிடும். நொய்யல்கரை உண்மையாகவே பத்து நிமிடம் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த வரியைத் தளத்தைப் பார்க்காமலேயே எழுதிவிட முடியும் என்பதால், பார்த்ததற்கு அது சான்றாகாது. சுற்றுச்சூழல் ஈடுபாடு என்று சொல்லிக்கொள்ளாத டி-ஷர்ட் பிராண்டு இன்று பிரிட்டனில் ஒன்றுகூடக் கிடைப்பது அரிது.

இணையவிற்பனை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். அண்மையில் நடந்த ஒன்றைச் சொல்வது நல்லது. அதனால் "ஏன் இன்று எழுதுகிறாய்" என்ற கேள்விக்கு விடை கிடைக்கிறது. ஆனால் நிறுவனரின் பதிவைப் பாராட்டினால் நிறுவனர்தான் மகிழ்வார். தையல் எங்கே நடக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் தயாரிப்பு மேலாளராக இருப்பார். அதைவிடப் பெரிய சிக்கல் இரண்டாவது வரியில் வருகிறது. "உங்கள் பதிவு மிகச் சரி" என்பதற்கும் "எங்களிடம் 40 தையல் இயந்திரங்கள் இருக்கின்றன" என்பதற்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை. முதல் வரி வெறும் திறவுகோலாகப் பயன்படுத்தப்பட்டது என்பது அந்த இடத்தில் வெளிப்பட்டுவிடுகிறது. அப்போது வரும் எரிச்சல், பாராட்டே இல்லாத மடலைப் படிக்கும்போதுகூட வருவதில்லை.

அதனால் நான் பார்ப்பது ஒன்றுதான். முதல் வரியை விரலால் மறைத்துவிட்டு இரண்டாவது வரியைப் படியுங்கள். அது அப்போதும் தனியாக நின்றால், முதல் வரி ஒட்டவைத்தது. முதல் வரி இல்லாமல் இரண்டாவது வரிக்குப் பொருளே இல்லை என்றால், உங்கள் ஆய்வு மடலுக்குள் வேலை செய்கிறது.

நொய்யல்கரை, நீங்கள் எழுதிய 36 பிராண்டுகளில் ஒன்றின் முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள். நான் பார்த்துவிட்டு என்ன கண்டேன் என்பதை இங்கே பெயர் இல்லாமல் எழுதுகிறேன். உங்களால் உண்மையில் எவ்வளவு சிறிய ஆர்டரைச் செய்ய முடியும் என்பதையும் எழுதுங்கள். அது தெரியாமல் எதைத் தேடுவது என்று எனக்குத் தெரியாது.

நொய்யல்கரை

நன்றி அக்கா. முகவரியை அனுப்பிவிட்டேன். எனக்குச் சாயமிட்டுத் தரும் பட்டறையில் 50 கிலோ கொள்ளளவுள்ள சிறிய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரம் ஒன்று இருக்கிறது. சாம்பிளுக்காக வாங்கியது; ஆனால் ஆர்டருக்கும் பயன்படுத்தலாம் என்கிறார்கள். அதனால் ஒரு நிறத்தில் 150 டி-ஷர்ட் வரை இறங்கிச் செய்ய முடியும். இந்த ஊரில் பெரும்பாலான யூனிட்டுகள் அவ்வளவு கீழே வருவதில்லை.

ஈரோட்டுக்காரன்

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் சாயப்பட்டறைகளுக்கும் புராசஸிங் ஆலைகளுக்கும் பாய்லர் நீர் சுத்திகரிப்பு ரசாயனம் விற்கிறேன். ஓர் ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் அனுப்பிய செய்தியை நாளிதழில் படித்துவிட்டு, "உங்கள் ஆலைக்கு நோட்டீஸ் வந்திருப்பதை அறிந்தேன், எங்களால் உதவ முடியும்" என்று தொடங்கி மடல் எழுதினேன். ஆய்வு நூற்றுக்கு நூறு சரி, தேதியும் இருந்தது, என் பொருளுக்கும் தொடர்பிருந்தது. உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, இதை உனக்கு யார் சொன்னது என்று கத்தினார். அந்த மடலை அவர் மட்டுமல்லாமல் கணக்காளரும் மேலாளரும் படித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் மடலில் எதையும் குறிப்பிடுவதில்லை. நேரில் போய்த்தான் பேசுகிறேன். ஆகையால் ஆய்வு ஆய்வு என்று எல்லாவற்றையும் எழுதிவிடாதீர்கள்.

வாங்குநர்மேசை

ஈரோட்டுக்காரன் ஐயா சொன்னது இங்கே மிகவும் பொருந்தும், ஏனென்றால் நானும் அதே இடத்தில்தான் தயங்கினேன். நொய்யல்கரை அனுப்பிய தளத்தில் முக்கால் மணி நேரம் செலவிட்டேன். கண்டதைச் சொல்கிறேன்.

அவர்களிடம் 220 ஜிஎஸ்எம் கனத்த டி-ஷர்ட் ஒன்று இருக்கிறது. ஆறு நிறங்கள், ஐந்து அளவுகள். லேபிளின் படத்தை அவர்களே போட்டிருக்கிறார்கள். அதில் போர்ச்சுகல் தயாரிப்பு என்று இருக்கிறது. வாடிக்கையாளர் மதிப்புரைகள் எழுபதுக்கு மேல் உள்ளன. அவற்றில் மூன்று பேர், துவைத்த பிறகு பக்கத் தையல் வயிற்றுப்பக்கம் திரும்பி வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று, ஆலிவ் பச்சை நிறத்தில் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் இரண்டும் விற்றுத் தீர்ந்துவிட்டன. மற்ற மூன்று அளவுகள் இருக்கின்றன.

முதல் வரியாகக்கூடிய செய்திகள் இரண்டு கிடைத்துவிட்டன. தையல் திரும்புவதுதான் ஆழமான கண்டுபிடிப்பு, துணி தெரிந்தவர் மட்டுமே அதைப் பற்றி எழுத முடியும். ஆனால் அந்தத் துணியைத் தேர்ந்தெடுத்து ஒப்புக்கொண்டவரும் இந்த மடலைப் படிக்கப்போகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். "உங்கள் சட்டையில் குறை இருக்கிறது" என்று முன்பின் தெரியாதவர் எழுதிய மடலை அவர் தன் மேலாளருக்கு அனுப்பிவைக்க மாட்டார். சிறிய நிறுவனத்தில் மடல் பிழைக்க வேண்டுமென்றால் அதை இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்ய அவருக்குக் கூச்சம் இருக்கக்கூடாது. ஆகவே அதை நான் இப்போதைக்கு ஒதுக்கிவைப்பேன்.

அளவு தீர்ந்துபோவது வேறு வகை. அது நன்றாக விற்றதன் அடையாளம், அதனால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. மேலும் ஒரு நிறத்தில் 150 துண்டு செய்ய முடியும் என்ற உங்கள் திறனோடு நேராகப் பொருந்துகிறது.

ஆனால் இதை அப்படியே நம்பி எழுதக்கூடாது. அந்த நிறத்தையே அவர்கள் கைவிட்டிருந்தால் உங்கள் வரி முழுத் தவறாகிவிடும். அதற்காக மூன்று இடங்களைப் பார்த்தேன். மீதமுள்ள அளவுகளின் விலை குறைக்கப்படவில்லை. கைவிடும் நிறத்தை வழக்கமாகத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். தீர்ந்த அளவுகளில் "வந்ததும் தெரிவிக்கவும்" என்ற பொத்தான் இருக்கிறது. முகப்புப் பக்கத்தின் புதிய படத்தில் மாடல் அணிந்திருப்பதும் அதே ஆலிவ் பச்சைதான். மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன. இருந்தாலும் இன்று தீர்ந்திருப்பது நாளை காலை கிடங்கில் வந்து இறங்கலாம். பத்து நாள் கழித்து மீண்டும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சாயப்பட்டறை

தையல் திரும்புவதைப் பற்றி ஒரு விளக்கம், நான் இந்தத் தொழிலில் இருப்பதால். அது தையல்காரரின் தவறு இல்லை. சிங்கிள் ஜெர்சி துணியில் நூலின் முறுக்கு முழுவதுமாக அடங்காமல் இருந்தால் துவைக்கும்போது அது தளர்ந்து கண்ணிகளைச் சாய்க்கும். வட்டப் பின்னல் இயந்திரத்தில் ஃபீடர்களின் எண்ணிக்கை கூடக்கூடச் சாய்வும் கூடும். துவைத்துப் பார்த்து அளந்தால் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று பல வாங்குநர்கள் கேட்பார்கள். இதை அறிந்தவர் அதை எழுதாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாடிக்கையாளரே பொதுவில் எழுதிவிட்ட குறையை நாம் மரியாதையாகச் சொன்னால் என்ன தவறு? குறையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அதைத் தீர்க்கவும் தெரியும் என்று நல்ல தயாரிப்பு மேலாளர் நினைப்பார். நானாக இருந்தால் அதை வைத்துத்தான் தொடங்குவேன்.

வாங்குநர்மேசை

நீங்கள் சொல்லும் தயாரிப்பு மேலாளர்களும் இருக்கிறார்கள், ஐயா. அவர்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் எதிரில் இருப்பவர் அப்படிப்பட்டவரா என்று முதல் மடலில் தெரியாது. அவர் பதில் எழுதி இரண்டாவது, மூன்றாவது மடலுக்கு வந்த பிறகு, "எங்கள் 220 ஜிஎஸ்எம் துணியை மூன்று முறை துவைத்துத் தையல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்திருக்கிறோம், அளவு இதோ" என்று எழுதினால், அவருடைய குறையைச் சொல்லாமலேயே அவர் புரிந்துகொள்வார். முதல் வரியில் சொல்வதா, பின்னால் சொல்வதா என்பதில் நாம் உடன்படாமல் இருக்கலாம்.

தேம்ஸ்தமிழ்

ஒரு சட்ட விஷயத்தையும் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் நொய்யல்கரை அடுத்து ஜெர்மனிக்குப் போகக்கூடும். பிரிட்டனில் லிமிடெட் நிறுவனங்களுக்கு முன் அனுமதி இல்லாமல் வணிக மடல் அனுப்பலாம். நீங்கள் யார் என்பதை மறைக்கக்கூடாது, வேண்டாம் என்றால் நிறுத்துவதற்கு வழி தர வேண்டும். ஆனால் தனி உரிமையாளராக நடத்துபவரைச் சட்டம் தனிநபராகவே பார்க்கிறது; அவருக்கு முன் அனுமதி தேவை. சிறிய டி-ஷர்ட் பிராண்டுகளில் அப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு. தளத்தின் அடியில் நிறுவனப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கம்பனீஸ் ஹவுஸ் தளத்தில் இலவசமாகத் தேடிச் சரிபார்க்கலாம். ஜெர்மனியில் நிறுவனங்களுக்கு அனுப்புவதற்கும் முன் ஒப்புதல் வேண்டும் என்பதுதான் பொது விதி. அங்கே எவ்வளவு நல்ல முதல் வரியும் உங்களைக் காப்பாற்றாது, தொலைபேசியும் எளிதில்லை, கண்காட்சியில் சந்திப்பதும் அஞ்சலில் கடிதம் போடுவதும்தான் வழி.

நொய்யல்கரை

மிகவும் பயனுள்ள செய்தி. என் 36 பேரில் ஐந்து தளங்களில் பதிவு எண் இல்லை. அவர்களை நீக்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆடைகளுக்கு வரி நீங்குவது அதில் பெரிய செய்தி. அதை முதல் வரியாக வைத்தால் "ஏன் இன்று" என்பதற்கு விடை கிடைக்குமே?

வாங்குநர்மேசை

கிடைக்கும். ஆனால் அதே விடையைத் திருப்பூரிலிருந்து எழுதும் ஒவ்வொருவரும் தருவார்கள், பெறுபவரும் அதைச் செய்தியில் படித்திருப்பார். அது நாட்டைப் பற்றிய செய்தி, அவரைப் பற்றியது இல்லை. விலை பேசும் இடத்தில், மடலின் கீழே, அரை வரியாக வையுங்கள்.

இணையவிற்பனை

வாங்குநர்மேசை அவர்களுக்கு: அளவு தீர்ந்ததா என்று பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்ப்பதைவிட எளிய வழி உண்டு. அந்தத் தளம் ஷாப்பிஃபையில் இயங்கினால், பொருளின் முகவரிக்குப் பின்னால் `.js` சேர்த்தால் போதும்.

```
/products/heavy-tee.js

"title": "Olive / XL",
"available": false
```

ஒவ்வொரு நிறத்துக்கும் அளவுக்கும் இருப்பு உண்டா இல்லையா என்று பட்டியலாக வந்துவிடும். முப்பது தளங்களையும் வாரம் ஒரு முறை பார்த்துக் குறித்துவைக்கலாம். அப்போது "உங்களின் பதினெட்டு அளவுகள் ஐந்து வாரங்களாக இல்லை, பட்டியல் இதோ" என்று எழுத முடியும். இதைவிடப் பெரிய ஆய்வு வேறென்ன?

வாங்குநர்மேசை

இந்த வழி எனக்குத் தெரியாது, நன்றி. எந்தத் தளத்தை எப்போது திறந்து பார்ப்பது என்று முடிவு செய்ய இது உதவும். ஆனால் மடலில் அந்தப் பட்டியலை வைக்க வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். கடைக்கு வந்த வாடிக்கையாளர் அலமாரியைப் பார்த்துவிட்டு "எக்ஸ்எல் இல்லையே" என்று சொன்னால் கடைக்காரருக்கு அது இயல்பு. ஐந்து வாரமாக எதிர்ப் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தேன் என்று ஒருவர் பதினெட்டு வரிகளை நீட்டினால் அவருக்கு என்ன தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். மடலில் ஒரு பொருள், ஒரு நிறம் போதும், அதுவும் கடைக்கு வரும் எவரும் காணக்கூடியதாக இருக்க வேண்டும். அவருடைய குடும்பப் படம், விடுமுறைப் பயணம், படித்த பள்ளி ஆகியவற்றையும் இதே காரணத்தால்தான் தொடக்கூடாது.

வாங்குநர்மேசை (பத்து நாள் கழித்து)

சொன்னபடி மீண்டும் பார்த்தேன். ஆலிவ் பச்சையில் அந்த இரண்டு அளவுகளும் இன்னும் வரவில்லை. விலையும் குறையவில்லை. இப்போது எழுதலாம். என் வரைவு இது.

"உங்கள் கனத்த டி-ஷர்ட்டின் ஆலிவ் பச்சையில் எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் அளவுகள் இம்மாதம் 4ஆம் தேதியும் 14ஆம் தேதியும் தீர்ந்தே இருந்தன, மற்ற அளவுகள் முழு விலையில் இருக்கின்றன. இரண்டு அளவுகளுக்காக மட்டும் முழுச் சாய லாட் ஒன்றை மீண்டும் போடுவது கட்டுப்படியாகாததால் காத்திருக்கிறீர்கள் என்றால், நாங்கள் ஒரு நிறத்தில் 150 துண்டுகள் மட்டும் என்றாலும் சாயமிட்டுத் தைத்துத் தருகிறோம். அதுதான் காரணமா?"

இங்கே மூன்றைக் கவனியுங்கள். கண்டதைக் கண்டதாகவே சொல்லியிருக்கிறேன், தேதியோடு. ஊகத்தை "என்றால்" என்ற சொல்லுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். "நீங்கள் சிரமப்படுகிறீர்கள் என்று அறிவேன்" என்று எழுதியிருந்தால், அது தவறாக இருக்கும்போது மடலும் சேர்ந்து செத்துவிடும். கடைசியில் வைத்திருப்பது ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. ஊகம் தவறு என்றாலும், "இல்லை, காரணம் வேறு" என்று திருத்தும் ஆசை மனிதருக்கு உண்டு. எனக்கு வந்த மடல்களில் நான் பதில் எழுதியவை பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

பாராட்டே இல்லை என்பதையும் பாருங்கள். அவருடைய சட்டையை நிறம் வாரியாக ஒருவர் பார்த்திருக்கிறார் என்பதே அவருக்குப் போதுமான மரியாதை.

சாயப்பட்டறை

வரி நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டாம் வாக்கியத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. அவர்களிடம் மீதமிருக்கும் எஸ், எம், எல் அளவுகள் போர்ச்சுகலில் சாயமிடப்பட்டவை. நாம் இங்கே சாயமிடும் எக்ஸ்எல் அதே நிறத்தில் வர வேண்டும். ஆலிவ் பச்சை மூன்று சாயங்கள் கலந்து வரும் நிறம். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போவது கடை விளக்கின் கீழ் பழுப்பாகத் தெரியலாம். ஒரே சாயக் கலவை இல்லாவிட்டால் இது நடக்கும். 150 துண்டு என்ற கணக்கு சரிதான்: ஒரு சட்டைக்கு வெட்டுக் கழிவு உட்பட ஏறத்தாழ 300 கிராம் என்றால் 45 கிலோ வரும், 50 கிலோ இயந்திரத்தில் அடங்கும். ஆனால் கழுத்து ரிப்பையும் அதே லாட்டில் போட வேண்டும் என்பதை மறந்தால் கழுத்து ஒரு பச்சையும் உடல் ஒரு பச்சையுமாக வரும். 45 கிலோவில் ரிப்பும் சேர்ந்ததா?

நொய்யல்கரை

சேரவில்லை, ஐயா. ரிப்புக்கு இன்னும் இரண்டு, மூன்று கிலோ வேண்டும். இயந்திரம் முழுக் கொள்ளளவில் ஓடும். பட்டறையில் கேட்டேன், 48 கிலோ வரை போடலாம், ஆனால் முதல் லாட்டுக்கு 140 துண்டு என்று சொல்லிக்கொள்வது பாதுகாப்பு என்கிறார்கள். வரியில் 150 என்பதை 140 என்று மாற்றிவிடுகிறேன்.

வாங்குநர்மேசை

மாற்றுங்கள். 140 என்ற எண் 150ஐவிட நன்றாகவும் இருக்கிறது. கணக்குப் போட்டு வந்த எண் என்று தெரிகிறது. நிறப் பொருத்தத்தைப் பொறுத்தவரை, இணையத்தில் மட்டும் விற்கும் பிராண்டுக்கு எக்ஸ்எல் அணிபவர் எம் சட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்புக் குறைவு. கடையிலும் தொங்கவிடுபவர்கள் என்றால் சாயப்பட்டறை ஐயா சொல்வது முழுக்கப் பொருந்தும். இவர்களுக்குக் கடை இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. அது என் ஆய்வில் விட்டுப்போனது. நொய்யல்கரை, அனுப்புவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஈரோட்டுக்காரன்

ஒரு பிராண்டுக்கு முக்கால் மணி நேரம், பத்து நாள் இடைவெளி, பிறகு மீண்டும் ஒரு முறை. இப்படிப் பார்த்தால் மாதத்துக்கு எத்தனை மடல் போகும்? என்னைப் போன்றவர்களுக்கு இது கட்டுப்படியாகுமா என்று தெரியவில்லை. என் ஒரு வாடிக்கையாளர் மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குத்தான் வாங்குவார்.

வாங்குநர்மேசை

உங்கள் தொழிலில் கட்டுப்படியாகாமல் இருக்கலாம், ஐயா. நீங்கள் நேரில் போவதே சரியாக இருக்கும். நொய்யல்கரைக்கு ஒரு பிராண்டு கிடைத்தால் ஆண்டு முழுவதும் ஆர்டர் வரும், அவருடைய யூனிட்டுக்கு அப்படி நான்கைந்து பேர் போதும்.

பெரிய பிராண்டுகளுக்கு எழுதினால் வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கும். ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் 2015ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைத் தடுப்புச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். எந்த நாடுகளில் எத்தனை ஆலைகள் என்று பல நிறுவனங்கள் அதில் எழுதுகின்றன. ஆனால் அறிக்கையின் ஆண்டைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு முந்தைய அறிக்கையை வைத்து, "நீங்கள் இந்தியாவில் வாங்குவதில்லை என்று கண்டேன்" என்று எனக்கு ஒருவர் எழுதினார். அந்தச் சமயத்தில் நான் திருப்பூரிலேயே மூன்று ஆலைகளோடு வேலை செய்துகொண்டிருந்தேன்.

நொய்யல்கரை (மூன்று வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்கிறேன். அக்கா எழுதிய வரைவை மாதிரியாக வைத்துக்கொண்டு, ஒன்பது பிராண்டுகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இரண்டு தேதிகளில் பார்த்து எழுதினேன். இரண்டு பேரின் நிறங்கள் இரண்டாம் முறை பார்க்கும்போது தள்ளுபடிக்குப் போயிருந்தன, அவர்களுக்கு எழுதவில்லை. ஏழு மடல்கள் போயின. மூன்று பதில்கள் வந்தன.

ஒருவர், அந்த அளவுகள் கப்பலில் வந்துகொண்டிருக்கின்றன, நன்றி என்று முடித்துக்கொண்டார். இன்னொருவர், தேதிகளைக் குறிப்பிட்டிருப்பது தன்னை யாரோ கண்காணிப்பதுபோல் இருக்கிறது என்று எழுதியிருந்தார். வருத்தம் தெரிவித்துவிட்டு அவரைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். அக்கா மாதிரிக்குப் பார்த்த அதே ஆலிவ் பச்சை பிராண்டுதான் மூன்றாவது. லாட் அளவு காரணம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய ஆலை ஆலிவ் பச்சை ரிப்பைத் தனியாக வாங்குகிறது, அதுதான் கிடைக்கவில்லையாம். ரிப்பையும் உடல் துணியையும் ஒரே லாட்டில் போடுவீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு லண்டனில் ஒரு கடையும் இருக்கிறது.

தேதியை எழுதுவதா விடுவதா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது.

இணையவிற்பனை

தேதியை விட்டுவிட்டு "இம்மாதம் இரண்டு முறை பார்த்தபோது" என்று எழுதலாமே. சான்றும் இருக்கும், உறுத்தலும் குறையும்.

வாங்குநர்மேசை

அது நல்ல யோசனை. ஆனாலும் தேதி இருந்ததால்தான் மூன்றாமவர் நம்பியிருக்கலாம். ஏழு மடல்களை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அடுத்த பத்தில் ஐந்தைத் தேதியோடும் ஐந்தைத் தேதி இல்லாமலும் அனுப்பிப் பாருங்கள். ரிப் கேள்விக்கு இன்றே பதில் எழுதுங்கள், அதில் புதிய விற்பனைப் பேச்சு எதையும் சேர்க்காமல்.

சாயப்பட்டறை

கடை இருக்கிறது என்பதால் பதிலோடு ஒன்று கேளுங்கள். மீதமிருக்கும் எல் அளவுச் சட்டை ஒன்றை, கழுத்து ரிப்போடு, அனுப்பச் சொல்லுங்கள். தனியாக வெட்டிய துண்டு வேண்டாம், சட்டையே வேண்டும். அவர்கள் கடையில் எந்த விளக்கைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்திலும் அந்த விளக்கிலும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, சிறு துணித் துண்டுகளில் சாயமிட்டுப் பார்க்கும் லேப் டிப் மூன்று போட்டு அனுப்பலாம். சட்டை வந்ததும் என்னிடம் கொண்டுவாருங்கள், சாயக் கலவையை உட்கார்ந்து பார்ப்போம்.